கறித்தூள் நிறுவனத்துக்கு அனுப்பும் மெசேஜில் ரேட்டும் மாதிரியும் எப்படி இருக்க வேண்டும்?

"வெள்ளவத்தையில் இருக்கிறேன். இன்ஸ்டகிராமில் யாழ்ப்பாணச் சமையல் ரீல் போடுகிறேன், 6,200 பேர் பின்தொடர்கிறார்கள். நாங்கள் வீட்டில் பாவிக்கிற கறித்தூளைச் செய்யும் சின்ன நிறுவனத்திடம் காசுக்கு ஒரு பதிவு செய்து தரவா என்று கேட்க ஆசை. இதற்கு முன் மூன்று பிராண்டுகளுக்கு மெசேஜ் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. என்ன எழுதுவது? ரேட்டை முதலிலேயே சொல்லலாமா?"

முதலிலேயே சொல்லுங்கள். ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு விலை. ஏன் என்பதற்கு, அந்த மெசேஜ் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். நான் கொழும்பில் ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன். இப்போது சிறிய கிரியேட்டர்களுக்கும் உள்ளூர் நிறுவனங்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று: உங்கள் மெசேஜை முதலில் வாசிப்பவர் காசு கொடுக்கிறவர் இல்லை. கறித்தூள் போன்ற சிறிய நிறுவனத்தில் பக்கத்தைப் பார்ப்பது ஓர்டர் எடுக்கும் பிள்ளையாக இருக்கும், அல்லது முதலாளியின் மருமகனாக இருக்கும். முதலாளி கொட்டாஞ்சேனையில் மில்லில் நிற்பார், இல்லையென்றால் புறக்கோட்டையில் கொத்தமல்லி விலை பேசிக்கொண்டிருப்பார்.

"ஹாய், நான் ஒரு கிரியேட்டர், உங்களோடு கொலாப் பண்ண விருப்பம், விவரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு மெசேஜ் வந்தால் அந்தப் பிள்ளை அதை வைத்து என்ன செய்ய முடியும்? முதலாளியிடம் காட்டினால் "என்னவாம், எவ்வளவாம்?" என்று கேட்பார். அதற்குப் பதில் அந்த மெசேஜில் இல்லை. திரும்ப உங்களிடம் கேட்டு, பதில் வாங்கி, மறுபடி அவரிடம் போய்ச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. அப்படியே விட்டுவிடுவார்கள். பதில் வராததற்கு உங்கள் வீடியோ பிடிக்கவில்லை என்று அர்த்தம் எடுக்க வேண்டாம். அநேகமாக அதை யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் மெசேஜ், நீங்கள் பக்கத்தில் இல்லாமலே வட்ஸ்அப்பில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு போர்வர்ட் ஆகி, கடைசியில் வாசிக்கிறவர் "ஓம்" அல்லது "வேண்டாம்" சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எந்த வழியால் அனுப்புவது என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. இன்ஸ்டகிராமில், உங்களைப் பின்தொடராத கணக்குக்கு முதல் தடவை எழுதும்போது அது கோரிக்கைப் பெட்டிக்குத்தான் போகும். 2023இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வரை எழுத்தில் ஒரு மெசேஜ் மட்டும்தான் போகும், படமும் வீடியோவும் போகாது. அப்படியென்றால் உங்கள் மாதிரிகளை அங்கே காட்ட முடியாது. அதனால் இன்ஸ்டகிராமை ஆளைக் கண்டுபிடிக்க மட்டும் பாவியுங்கள். "வணக்கம், உங்கள் கறித்தூளை வைத்து ஒரு சமையல் வீடியோ செய்து தருவது பற்றி விலையோடு ஒரு யோசனை அனுப்ப வேண்டும். விளம்பரம் பார்ப்பவரின் வட்ஸ்அப் இலக்கமோ மின்னஞ்சலோ தர முடியுமா?" இவ்வளவு போதும். அல்லது கறித்தூள் பைக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள், தொலைபேசி இலக்கம் அச்சடித்திருக்கும். அதற்கு வேலை நேரத்தில் அழைத்து இதையே கேளுங்கள். சிறிய நிறுவனங்களில் பெரும்பாலும் இரண்டாவது அழைப்பிலேயே சரியான ஆளிடம் போய்விடலாம்.

சரி, அந்த முதலாளி வாசிக்கும்போது அவர் மனதில் என்ன கேள்வி இருக்கும்? இதைப் பார்க்கிறவர்கள் என் கடைக்கு வரக்கூடிய ஆட்களா என்பதுதான். பின்தொடர்பவர் எத்தனை பேர் என்பதற்கு அவர் கொடுக்கும் மதிப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கொழும்பில் தமிழில் வீடியோ செய்கிற எல்லோருக்கும் இங்கே ஒரு பிரச்சினை இருக்கிறது. தமிழ் வீடியோ கடலுக்கு அப்பாலும் போகிறது. சென்னையில் இருந்து பார்ப்பார்கள், ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பார்ப்பார்கள். கொழும்பில் மட்டும் விற்கிற ஒருவருக்கு அந்தப் பார்வைகளால் ஒரு பைக்கற்றும் விற்காது.

உங்கள் கணக்கு புரொபெஷனல் கணக்காக மாற்றப்பட்டிருந்தால் Insights பகுதியில் பின்தொடர்பவர்கள் எந்த நாடு, எந்த நகரம் என்று சதவீதத்தில் காட்டும். மாற்றவில்லை என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், காசு இல்லை. ஓர் உதாரணத்துக்கு உங்கள் கணக்கில் இலங்கை 52 சதவீதம், நகரங்களில் கொழும்பு 24, யாழ்ப்பாணம் 13, சென்னை 9, ரொறன்ரோ 5 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெஹிவளை தனியாகக் காட்டப்பட்டால் அதையும் கொழும்போடு சேர்த்துச் சொல்லலாம், தப்பில்லை. இந்தக் கொழும்பு சதவீதம்தான் உங்கள் மெசேஜில் இருக்க வேண்டிய முதல் எண். குறைவாக இருக்கிறதே என்று மறைக்காதீர்கள். கேட்கத் தெரிந்த ஒருவர் அடுத்த மெசேஜில் கேட்டே தீருவார். உண்மையிலேயே மிகக் குறைவு என்றால் நீங்கள் தேர்ந்த நிறுவனம் பிழை. யாழ்ப்பாணத்துக்கும் அனுப்புகிறவர்கள், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள், கனடாவில் இருந்து ஓர்டர் எடுத்து இங்கே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் என்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் சென்னையும் ரொறன்ரோவும் பலம்.

இரண்டாவது எண், ஒரு ரீலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது. இங்கே நிறையப் பேர் சராசரி எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். கடைசிப் பத்து ரீல்களின் பார்வைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: 1,900, 2,100, 2,300, 2,600, 2,800, 3,100, 3,400, 3,900, 4,600, 41,000. அந்த 41,000 ஏதோ ஒரு நண்டுக் கறி ரீல் தற்செயலாகப் பரவியது. சராசரி போட்டால் 6,770 வரும், ஆனால் பத்தில் ஒன்பது ரீல்கள் அந்த எண்ணைத் தொடவே இல்லை. நடுவில் நிற்கும் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2,950. உங்களிடம் ஒரு ரீல் வாங்குகிறவருக்குக் கிடைக்கப்போவது இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். இதையே சொல்லுங்கள். 6,770 என்று சொல்லி விற்று, வீடியோ 2,800இல் நின்றால், அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது. இந்த வியாபாரத்தில் லாபம் வருவதே இரண்டாவது, மூன்றாவது பதிவில்தான்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். 2,950இல் 24 சதவீதம் என்று பெருக்கி, கொழும்பில் ஏறக்குறைய 700 பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடத் தோன்றும். அது ஒரு குத்துமதிப்பு மட்டும்தான். அந்த 24 சதவீதம் பின்தொடர்பவர்களைப் பற்றியது, ரீலோ பின்தொடராத ஆட்களுக்கும் போகிறது. பார்வை என்பதும் ஆள் கணக்கு இல்லை, ஒருவரே இரண்டு தரம் பார்த்தால் இரண்டாகத்தான் ஏறும். ஆகவே இந்தப் பெருக்கலை உங்கள் மனக்கணக்காக வைத்திருங்கள், மெசேஜில் வாக்குறுதியாக எழுத வேண்டாம்.

இனி மாதிரிகள். இரண்டு போதும். பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டு "பாருங்கள்" என்று சொன்னால் முதலாளி மேலே இருக்கிற முதல் மூன்று படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். அந்த நேரம் மேலே உங்கள் பிறந்தநாள் கேக் இருந்தால் அதுதான் மாதிரி. நீங்களே தேர்ந்து அனுப்புங்கள். முதலாவது, அவருடைய பொருளுக்கு மிகக் கிட்டிய ஒன்று: தூள் போட்டுப் பிரட்டுகிற, நிறம் மாறுவது தெரிகிற வீடியோ. இரண்டாவது, நீங்கள் இப்போது செய்து தரப்போகிற வடிவத்தில் இருக்கிற ஒன்று: அதே நீளம், அதே குரல், அதே தமிழ். அதிகம் பேர் பார்த்த வீடியோ இதுதான் என்று அந்த நண்டுக் கறியை அனுப்ப ஆசை வரும். அதில் தூள் தெரியவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

ஆனால் வீடியோவைவிடப் பலமான மாதிரி ஒன்று உங்களிடமே இருக்கக்கூடும். பழைய பதிவுகளின் கீழே போய்க் கொமென்ட்களைத் தேடுங்கள். "அக்கா என்ன தூள் போட்டனீங்கள்?", "இது வெள்ளவத்தையில எங்க வாங்கலாம்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். பெயர்களை மறைத்து, அப்படியான நாலைந்தை ஒரே படமாக எடுங்கள். நான் பக்கம் பார்த்த காலத்தில் இப்படி ஒரு படம் வந்தால் உடனே மேலே அனுப்புவேன். லைக் எத்தனை என்று முதலாளி கேட்டதில்லை, "என்ன தூள்?" என்று ஒருவர் கேட்டதைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார். அப்படி ஒரு கொமென்டும் இல்லையென்றால், ஒரு ரீலை எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்று Insights காட்டுகிறதைக் கொடுங்கள். சமையல் வீடியோவைச் சேமிக்கிறவர் அதைச் சமைத்துப் பார்க்க நினைக்கிறவர்.

மாதிரி தேர்கிறபோது பாட்டையும் கவனியுங்கள். நீங்கள் உங்களுக்காகப் போடும் ரீலில் சினிமாப் பாட்டு வைப்பது வழக்கம். காசு வாங்கிச் செய்கிற வீடியோவுக்கு அது சரிவராது. இன்ஸ்டகிராமின் பாட்டுப் பட்டியலில் இருக்கிற பிரபலமான பாட்டுகள் வியாபாரத் தேவைக்கு உரிமம் பெற்றவை அல்ல, அவற்றை வைத்த ரீலைப் பூஸ்ட் பண்ணவும் முடியாது. வீடியோ நன்றாக வந்து, நிறுவனம் அதைக் காசு போட்டு ஓட்ட நினைக்கிற நேரத்தில் பாட்டால் மாட்டிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். உங்கள் சொந்தக் குரலும், தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தமும் உள்ள வீடியோவை மாதிரியாக அனுப்பினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ரேட்டுக்கு வருவோம். "6,000 பேர் இருந்தால் இவ்வளவு" என்று அட்டவணை போட்டுச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வெளிநாட்டு டொலர் கணக்கை ரூபாவுக்கு மாற்றியும் பார்க்க வேண்டாம், அது இங்குள்ள கறித்தூள் மில்லுக்குப் பொருந்தாது. எனக்கு நம்பிக்கையான வழி, செலவிலிருந்து மேலே கட்டுவது. இந்த ரீலுக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் போகும்? யோசித்து, சந்தைக்குப் போய், சமைத்துப் படம் பிடிக்க ஒரு நாள். வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து, எழுத்துப் போட இன்னொரு நாள். ஒரு நாளுக்கு 6,000 ரூபா என்று வைத்தால் 12,000. மரக்கறியும் தேங்காயும் மற்றச் சாமானும் 2,000, போக்குவரத்து 1,000. ஆக 15,000. இதுதான் உங்கள் அடிமட்டம், இதற்குக் கீழே போனால் கைக்காசு போடுகிறீர்கள். 6,000 என்பது ஓர் உதாரணம், உங்கள் நாளின் மதிப்பை நீங்கள் போடுங்கள். வேறு வேலைக்குப் போகிறவராக இருந்தால் அங்கே ஒரு நாளுக்கு என்ன கிடைக்கிறது என்பது நல்ல அளவுகோல்.

இப்போது அதே 15,000த்தை முதலாளியின் கண்ணால் பாருங்கள். கொழும்பில் 700 பார்வை என்று வைத்தாலும் ஒரு பார்வைக்கு 21 ரூபா விழுகிறது. அதே காசுக்கு அவருடைய பழைய படம் ஒன்றைப் பூஸ்ட் பண்ணினால் அதைவிட எத்தனையோ மடங்கு பார்வை வரும், அது அவருக்கும் தெரியும். ஆகவே பார்வையை விற்கப் போனால் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். சிறிய கிரியேட்டரிடம் விற்க இருப்பது வேறு இரண்டு: நன்றாக எடுத்த ஒரு தமிழ் வீடியோ, அப்புறம் உங்களை நம்பிச் சமைக்கிற ஒரு சின்னக் கூட்டம். அந்த நிறுவனத்தின் பக்கத்தைப் பாருங்கள். பைக்கற்றை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த படமும், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதின பண்டிகை வாழ்த்தும் மட்டும் இருந்தால், அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் வீடியோவை அவர்கள் தங்கள் பக்கத்திலும் போட்டுக்கொள்ளும் உரிமையை விலைக்குள் வைக்கச் சொல்கிறேன். 30 நாள் உரிமைக்கு 3,000 சேர்த்து 18,000. அதைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவதென்றால் அது தனி, மேலதிகமாக 5,000. இந்த இரண்டு தொகையும் என் ஊகம், இதில் எல்லோரும் ஏற்ற வழக்கம் என்று ஒன்று இன்னும் இங்கே வரவில்லை. ஆனால் உரிமைக்கு ஒரு கால எல்லை போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எல்லை எழுதாவிட்டால் இரண்டு வருடம் கழித்தும் உங்கள் முகம் ஏதோ ஒரு கடைப் பதாகையில் நிற்கும்.

இப்போது மெசேஜ். இப்படி எழுதுவேன்:

"வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருந்து இன்ஸ்டகிராமில் யாழ்ப்பாணச் சமையல் வீடியோ செய்கிறேன். உங்கள் வறுத்த கறித்தூளைத்தான் வீட்டில் பாவிக்கிறோம். போன மாதம் போட்ட கத்தரிக்காய்ப் பிரட்டலில் அது இருந்தது, என்ன தூள் என்று கீழே பலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கொமென்ட்களின் படத்தை அடுத்து அனுப்புகிறேன்.

என் யோசனை: இந்தத் தூள் இறைச்சிக்கும் நண்டுக்கும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை மரக்கறி' என்று வாழைக்காய்ப் பிரட்டலை வைத்து 40 விநாடி ரீல் ஒன்று தமிழில் செய்து, வியாழன் மாலை என் பக்கத்தில் போடுகிறேன். மறுநாள் எந்தக் கடையில் வாங்கலாம் என்ற விவரத்தோடு இரண்டு ஸ்டோரி.

என்னைப் பின்தொடர்பவர்கள் 6,200 பேர், அதில் 24 சதவீதம் கொழும்பு, 13 சதவீதம் யாழ்ப்பாணம். என் ரீல்களை வழக்கமாகப் பார்ப்பது 3,000 பேர் அளவில்.

கட்டணம் 18,000 ரூபா. சாமான் செலவு, ஒரு தடவை திருத்தம், வீடியோவை 30 நாள் உங்கள் பக்கங்களில் போடும் உரிமை எல்லாம் இதற்குள். விளம்பரமாக ஓட்டுவதென்றால் மேலும் 5,000. பாதி முற்பணம், மீதி வீடியோ போட்டு 7 நாளுக்குள்.

இரண்டு மாதிரி வீடியோக்களின் இணைப்பு கீழே. 20ஆம் திகதிக்குள் சொன்னால் அடுத்த மாத முதல் வெள்ளிக்கு முன் தயாராக்கலாம். இதைப் பார்ப்பவர் வேறொருவர் என்றால் அவருக்கு இதை அப்படியே அனுப்பிவிடுங்கள்."

இதில் சில இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொமென்ட் படம் தனியாகப் போகும், போர்வர்ட் பண்ணும்போது அது விடுபடலாம். அதனால் அந்தச் செய்தி எழுத்திலும் இருக்கிறது. யோசனையில் ஒரு குறிப்பிட்ட கறி இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கிறது. "உங்கள் பொருளை அழகாகக் காட்டுவேன்" என்றால் முதலாளிக்கு எதுவும் தெரியாது, வாழைக்காய்ப் பிரட்டல் என்றால் அவருக்குக் கண்ணில் தெரியும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு வழக்கம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "3,000 பேர் அளவில்" என்று எழுதியது வழக்கமான பேச்சு. அவர் எண்ணைப் பற்றிக் கேட்டால் அது பார்வைக் கணக்கு என்றும், பத்து ரீல்களின் நடு எண் என்றும் சொல்லி, திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். விற்பனை இவ்வளவு கூடும் என்று ஓரிடத்திலும் இல்லை, அதை நீங்கள் அறிய வழியில்லை. முதலாளியோ பக்கம் பார்க்கும் ஆளோ சிங்களம் பேசுகிறவர் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதி, வீடியோ தமிழில்தான் இருக்கும் என்பதை முன்னால் வையுங்கள்.

ஒப்புக்கொண்டால் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. காசோ பொருளோ வாங்கிச் செய்யும் பதிவில் Paid partnership என்ற அடையாளத்தைப் போட வேண்டும் என்பது இன்ஸ்டகிராமின் விதி. "அது தெரிந்தால் விளம்பரம் மாதிரி இருக்கும், போடாமல் விடுங்கள்" என்று சிலர் கேட்பார்கள். விட வேண்டாம். உங்கள் தூள் பரிந்துரையை நம்பி வாங்குகிறவர்கள் வெள்ளவத்தையில் நாளைக்கு உங்களைக் கடையில் நேரே சந்திக்கிற ஆட்கள்.

பதில் வந்தால் அது நேராக "ஓம்" என்று இருப்பது குறைவு. அதிகம் வருவது, "காசு இல்லை, ஒரு பெட்டி சாமான் அனுப்புகிறோம்" என்பது. அந்தப் பெட்டியின் கடை விலையைப் பார்த்து, உங்கள் இரண்டு நாளோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். எனக்குச் சரியாகப் படுவது, பெட்டிக்கு ஒரு ஸ்டோரி, ரீலுக்குக் காசு என்று பிரித்துச் சொல்வது. அடுத்து வருவது "12,000த்துக்குச் செய்ய முடியாதா?". விலையை மட்டும் இறக்கினால் முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும். வேலையையும் சேர்த்து இறக்குங்கள்: உரிமை இல்லாமல், வீடியோ என் பக்கத்தில் மட்டும் என்றால் 15,000. அதற்கும் கீழே என்றால் ரீல் வேண்டாம், படங்களாக ஒரு பதிவும் ஒரு ஸ்டோரியும், அரை நாள் வேலை, அதற்கு ஒரு விலை. இப்படிப் பேசினால் அவருக்கும் எது எவ்வளவு என்று விளங்கும்.

முற்பணத்தை வங்கியில் போட்டுவிட்டோம் என்று ஸ்லிப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்து வேலை தொடங்காதீர்கள், காசு கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற வங்கியில் இருந்து வருவது சில நேரம் பிந்தும், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் முற்பணமே தர மாட்டார்கள், பில் கொடுத்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான் காசோலை வரும். அது அவர்கள் கணக்குப் பிரிவின் வழக்கம். உங்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியுமா என்பதை வேலை தொடங்கும் முன் தீர்மானியுங்கள். திருத்தம் ஒரு தடவை என்று எழுதியதையும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாளி பார்த்து, பிறகு அவர் மனைவி பார்த்து, பிறகு மில்லுக்கு வந்த நண்பர் பார்த்து ஆளுக்கொரு மாற்றம் சொல்வது நடக்கும். எல்லோருடைய கருத்தையும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லுங்கள் என்று முதலிலேயே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பதிலே வராவிட்டால், ஒரு கிழமை கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். "வணக்கம், போன வாரம் வாழைக்காய் வீடியோ பற்றி அனுப்பியிருந்தேன். இந்த மாதம் வசதியில்லை என்றால் பரவாயில்லை, தைப்பொங்கலுக்கு வேறு யோசனை இருக்கிறது, அப்போது அனுப்பட்டுமா?" இதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள். பண்டிகைக்காக அனுப்புவதென்றால் ஆறேழு கிழமைக்கு முன்னால் அனுப்ப வேண்டும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்தின இரண்டு கிழமைகளில் தூள் மில்லில் யாருக்கும் வட்ஸ்அப் பார்க்க நேரமிருக்காது, விளம்பரக் காசும் அதற்கு முன்பே ஒதுக்கியாகிவிடும். நீங்கள் ஏற்கனவே எழுதின மூன்று பிராண்டுகளையும் கைவிட வேண்டாம். விலையும் கறியின் பெயரும் உள்ள புது மெசேஜோடு அவர்களுக்கும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், பழைய மெசேஜைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.